டாப் ஸ்பின், ஸ்லைஸ்: ராக்கெட்டின் பாதை பந்தின் எழும்பலை எப்படி மாற்றுகிறது?

டென்னிஸ் கற்கத் தொடங்கிய சில மாதங்களில் எல்லோரும் இரண்டு செய்திகளைக் கேட்டுவிடுகிறார்கள். மேற்பகுதி முன்னோக்கிச் சுழலும் டாப் ஸ்பின் பந்து தரையில் பட்டதும் மேலே எகிறும், மேற்பகுதி பின்னோக்கிச் சுழலும் ஸ்லைஸ் பந்து தாழ்ந்து வழுக்கிச் செல்லும். கண்ணால் பார்க்கும்போது இரண்டும் உண்மைதான். ஆனால் இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம், அதாவது சுழற்சியே தரையில் பந்தை மேலே தள்ளுகிறது அல்லது கீழே அழுத்துகிறது என்பது, பெரும்பகுதி தவறு. இந்தத் தவறான காரணத்தை மனத்தில் வைத்துப் பயிற்சி செய்கிறவர்கள் டாப் ஸ்பினுக்காக மணிக்கட்டைப் பந்தின் மேல் உருட்டவும், ஸ்லைஸுக்காகப் பந்தை வெட்டவும் முயல்கிறார்கள். முதலாவது பந்தை வலையில் கொண்டுபோய் விடுகிறது, இரண்டாவது அதை மிதக்க விடுகிறது. எனவே எழும்பலைத் தீர்மானிப்பது எது என்பதை முதலில் பார்த்துவிட்டு, பிறகு கை செய்ய வேண்டியதற்கு வருவோம். இங்கே எடுத்துக்கொள்வது பேஸ்லைனிலிருந்து ஆடும் இரண்டு அடிகளை மட்டுமே: டாப் ஸ்பின் ஃபோர்ஹேண்ட், ஒற்றைக் கை ஸ்லைஸ் பேக்ஹேண்ட். சர்வீஸின் சுழற்சி தனிக் கதை.

முதலில் தரையில் நடப்பது

பந்து தரையில் படும்போது அதன் வேகத்தை இரண்டு பங்காகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று கீழ்நோக்கிய வேகம், மற்றொன்று முன்னோக்கிய வேகம். கீழ்நோக்கிய வேகத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கைத் தரை மேல்நோக்கித் திருப்பித் தருகிறது. களிமண் தரை சற்றுக் கூடுதலாகத் தரும். பந்து எப்படிச் சுழன்றாலும் இந்தப் பங்கு பெரிதாக மாறுவதில்லை. அதாவது, பந்து எவ்வளவு உயரம் எழும்பும் என்பது பெரும்பாலும் அது எவ்வளவு வேகமாகக் கீழே விழுந்தது என்பதைப் பொறுத்தது.

முன்னோக்கிய வேகத்தின் நிலை வேறு. பந்தின் அடிப்பகுதி தரையில் எந்தத் திசையில் வழுக்குகிறதோ அதற்கு எதிர்த்திசையில் உராய்வு இழுக்கும். டாப் ஸ்பின்னில் அடிப்பகுதி பின்னோக்கிச் சுழல்வதால், பந்தின் முன்னோக்கிய வேகத்தில் ஒரு பகுதி அங்கே கழிந்துவிடுகிறது. வழுக்கல் குறைகிறது, உராய்வும் சீக்கிரம் ஓய்ந்துவிடுகிறது. ஏற்கெனவே சுழன்றுகொண்டிருக்கும் சைக்கிள் சக்கரத்தைத் தரையில் இறக்கினால் அது தேய்ந்து நிற்காமல் பற்றிக்கொண்டு உருள்வதைப் போன்றது இது. ஸ்லைஸில் அடிப்பகுதி முன்னோக்கிச் சுழல்கிறது. ஆகவே வழுக்கும் வேகம் கூடுகிறது, பந்து தரையைத் தொட்டிருக்கும் நேரம் முழுவதும் உராய்வு அதைப் பின்னோக்கி இழுக்கிறது.

இதிலிருந்து வரும் முடிவு பலருக்கு வியப்பாக இருக்கலாம். ஒரே வேகத்திலும் ஒரே கோணத்திலும் இரண்டு பந்துகள் தரையில் விழுந்தால், டாப் ஸ்பின் பந்துதான் வேகத்தைக் காத்துக்கொண்டு தாழ்ந்த கோணத்தில் பாயும். பின்சுழற்சிப் பந்து வேகமிழந்து செங்குத்தாக எழும்பும். பந்தை வலைக்குச் சற்று அப்பால் மெதுவாக விழவைக்கும் டிராப் ஷாட்டில் நாம் பார்ப்பது இதைத்தான். அங்கேயும் ஸ்லைஸின் சுழற்சியே இருக்கிறது, ஆனால் பந்து உயரத்திலிருந்து மெதுவாக, செங்குத்தாக விழுவதால் வழுக்குவதில்லை. நின்ற இடத்திலேயே மேலே எழும்பி அடங்கிவிடுகிறது. சுழற்சி மட்டுமே பந்தைத் தாழ்த்துமென்றால் டிராப் ஷாட்டும் வழுக்கிக்கொண்டு எதிராளியின் ராக்கெட்டுக்குப் போயிருக்க வேண்டும்.

அப்படியென்றால் பேஸ்லைன் ஆட்டத்தில் டாப் ஸ்பின் உயர்வதும் ஸ்லைஸ் தாழ்வதும் ஏன்? சுழற்சி தன் பெரிய வேலையைக் காற்றிலேயே முடித்துவிடுகிறது என்பதுதான் காரணம். டாப் ஸ்பின் பந்தைக் காற்று கீழ்நோக்கித் தள்ளுகிறது. அதனால் பந்தை வலைக்கு மேல் உயரமாக அனுப்பினாலும் அது கோட்டுக்குள் வளைந்து, செங்குத்தாகவும் வேகமாகவும் தரையில் இறங்குகிறது. பின்சுழற்சியைக் காற்று மேல்நோக்கித் தாங்குகிறது. அதனால் பந்தைத் தாழ்வாக அனுப்பினாலும் அது விழாமல் நீண்ட தூரம் போய், தட்டையான கோணத்தில் தரையைத் தொடுகிறது. தரை செய்வதெல்லாம் அந்தக் கோணத்துக்கு ஏற்பப் பந்தைத் திருப்பித் தருவதுதான்.

இரண்டு பந்துகளைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

பின்வரும் எண்கள் தோராயமானவை. ஒரு நல்ல கிளப் ஆட்டக்காரர் கடினத் தரையில் பேஸ்லைனிலிருந்து அடிக்கும் இரண்டு பந்துகளைக் கற்பனை செய்துகொள்வோம். வலையின் நடு உயரம் 91 செ.மீ., வலையிலிருந்து பேஸ்லைன் 11.89 மீட்டர், சர்வீஸ் கோடு 6.40 மீட்டர்.

முதல் பந்து டாப் ஸ்பின் ஃபோர்ஹேண்ட். நிமிடத்துக்கு 3000 சுற்று, புறப்படும் வேகம் மணிக்கு 100 கி.மீ. அளவில். இந்தச் சுழற்சியில் காற்று பந்தைக் கீழே தள்ளும் விசை, பந்தின் எடையில் கிட்டத்தட்டப் பாதி. அதாவது பந்து ஒன்றரை மடங்கு கனத்ததைப் போல விழுகிறது. ஒரு மீட்டர் உயரத்தில் அடித்த பந்து, 11 பாகை மேல்நோக்கிக் கிளம்பி, வலையருகே 2 மீட்டர் உயரத்தை எட்டி, பேஸ்லைனுக்கு ஒரு மீட்டர் உள்ளே இறங்குகிறது. வலைக்கு மேல் ஒரு மீட்டருக்கும் அதிகமான இடைவெளி இருந்தும் பந்து வெளியே போகவில்லை என்பதைக் கவனியுங்கள். தரையைத் தொடும்போது முன்னோக்கிய வேகம் நொடிக்கு 20 மீட்டர், கீழ்நோக்கிய வேகம் நொடிக்கு 7.5 மீட்டருக்குச் சற்று மேல்.

தரை இந்தக் கீழ்நோக்கிய வேகத்தில் முக்கால் பங்கைத் திருப்பித் தந்தால், பந்து சுமார் 1.35 மீட்டர் உயரம் எழும்பும். சராசரி உயரமுள்ளவரின் தோள் மட்டம் அது. முன்னோக்கிய வேகத்தில் நொடிக்கு 4 மீட்டர்தான் இழப்பு. இதே கோணத்தில் சுழற்சியே இல்லாத பந்து விழுந்திருந்தால் அதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு இழந்திருக்கும். டாப் ஸ்பின் பந்து தரையில் பட்டதும் புது வேகம் பெற்றதைப் போலத் தோன்றுவது இதனால்தான். உண்மையில் அது வேகம் பெறவில்லை, எதிராளி எதிர்பார்த்த அளவுக்கு இழக்கவில்லை.

இரண்டாவது பந்து ஸ்லைஸ் பேக்ஹேண்ட். புறப்படும் வேகம் மணிக்கு 70 கி.மீ.க்குச் சற்று மேல், பின்சுழற்சி நிமிடத்துக்கு 2000 சுற்று. காற்று பந்தின் எடையில் சுமார் 30 சதவீதத்தைத் தாங்கிக்கொள்கிறது. 90 செ.மீ. உயரத்தில் அடித்த பந்து 7 பாகை அளவுக்கு மேல்நோக்கிக் கிளம்பி, 1.4 மீட்டருக்கு மேல் உயராமல், வலையை முப்பது செ.மீ. இடைவெளியில் தாண்டி, சர்வீஸ் கோட்டுக்குச் சற்று அப்பால் விழுகிறது. கீழ்நோக்கிய வேகம் நொடிக்கு 4.5 மீட்டருக்கும் குறைவு. ஆகவே அது எழும்பும் உயரம் 55 செ.மீ. மட்டுமே, அதாவது முழங்கால் அளவு. பேஸ்லைனில் நிற்கும் எதிராளியிடம் அது வரும்போது இறங்கத் தொடங்கிவிடுகிறது. அவர் முன்னே வந்து முழங்காலை மடக்கித்தான் ஆக வேண்டும்.

இன்னொரு விவரமும் இந்தக் கணக்கில் கிடைக்கிறது. தரையின் உராய்வு அந்த ஸ்லைஸ் பந்தின் பின்சுழற்சியை ஏறத்தாழ முழுவதுமாக அழித்துவிடுகிறது. எழும்பிய பிறகு அது கிட்டத்தட்டச் சுழலாத பந்து. டாப் ஸ்பின் பந்தோ தரையில் பட்டபின் முன்னைவிட வேகமாகச் சுழல்கிறது. இதன் பயனைக் கடைசியில் பார்ப்போம்.

டாப் ஸ்பின் ஃபோர்ஹேண்ட்: படிப்படியாக

படி 1, பிடி. ராக்கெட்டின் கைப்பிடிக்கு எட்டு முகங்கள் உண்டு. ராக்கெட்டின் விளிம்பு தரையைப் பார்க்கும்படி செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு, மேலே உள்ள முகத்தை ஒன்று எனக் கொண்டு வலப்புறமாக எண்ணுங்கள். வலக்கை ஆட்டக்காரரின் ஆள்காட்டி விரலின் அடிக்கணு நான்காவது முகத்தில் அமர்ந்தால் அது செமி வெஸ்டர்ன் பிடி. இந்தப் பிடியில், பந்தை உடலுக்கு முன்னால் இடுப்புக்கும் மார்புக்கும் இடைப்பட்ட உயரத்தில் சந்திக்கும்போது ராக்கெட்டின் முகம் தானாகவே ஏறத்தாழச் செங்குத்தாக நிற்கும். இதுதான் அதன் முழுப் பயனும். முகத்தைச் சரிசெய்ய மணிக்கட்டு தனியாக எதையும் செய்ய வேண்டியதில்லை.

படி 2, இறக்கம். தோள்களைத் திருப்பி ராக்கெட்டைப் பின்னால் கொண்டுபோனபின், முன்னோக்கி வீசத் தொடங்கும்போது ராக்கெட்டின் தலை பந்தின் மட்டத்துக்குக் கீழே ஓரடியாவது இறங்க வேண்டும். கையால் மட்டும் இறக்கினால் போதாது. முழங்கால்கள் மடங்கி, கைப்பிடியின் அடிமுனை பந்தை நோக்கியபடி முன்னே வர, தலை பின்னால் தொங்கி வர வேண்டும். தாழ்ந்த பந்துகளில் ஏற்படும் பெரும்பாலான தவறுகள் இந்தப் படியிலேயே பிறக்கின்றன. முழங்கால் மடங்காவிட்டால் ராக்கெட் பந்துக்குக் கீழே போக இடமே இருக்காது.

படி 3, பாதை. பந்தைத் தொடும் நேரத்தில் ராக்கெட் முன்னோக்கியும் மேல்நோக்கியும் சேர்ந்து நகர்கிறது. ஏறுகோணம் சுமார் 30 பாகை என வைத்துக்கொள்ளலாம்; கனமான சுழற்சிக்கு அதற்கும் மேல். முகம் செங்குத்தாகவோ ஐந்து பாகை அளவுக்குக் கீழே சாய்ந்தோ இருக்கும். பந்தின் திசையைப் பெரும்பகுதி முகமும், சுழற்சியைப் பாதைக்கும் முகத்துக்கும் இடையிலுள்ள வேறுபாடும் தீர்மானிக்கின்றன. முகமும் பாதையும் ஒரே திசையில் இருந்தால் தட்டையான பந்து. முகம் முன்னே பார்க்கப் பாதை மேலே ஏறினால் சரங்கள் பந்தின் பின்புறத்தைக் கீழிருந்து மேலாகத் தேய்த்துச் சுழற்றும்.

படி 4, தொடுகை. பந்து சரங்களோடு இருக்கும் நேரம் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஐந்து பங்கு. அந்த நேரத்தில் ராக்கெட் முன்னே செல்லும் தூரம் பத்துப் பன்னிரண்டு செ.மீ. மட்டுமே. பந்து சரங்களைத் தொட்ட அதிர்வு கையை எட்டி, அதற்கு மூளை பதில் சொல்வதற்குள் பந்து வெகுதூரம் போயிருக்கும். எனவே பந்தின் மேல் ராக்கெட்டை உருட்டுவது என்ற ஒன்று நடப்பதே இல்லை. புகைப்படங்களில் முகம் கீழே கவிழ்ந்து காணப்படுவது பந்து போனபின் முன்கை திரும்புவதால். தொடுகை முன்காலுக்குச் சற்று முன்னால் அமைய வேண்டும். தாமதமானால் முகம் மேலே திறந்தபடி பந்தைச் சந்திக்கும், பந்து பின்வேலிக்குப் பறக்கும்.

படி 5, முடிவு. ராக்கெட் எதிர்த்தோளின் மேலாகவோ அதற்குக் கீழாகவோ சென்று நிற்கும். அது எங்கே நிற்கிறது என்பது பாதையின் விளைவு, காரணம் அன்று. ரஃபேல் நடால் ராக்கெட்டைத் தலைக்கு மேல் சுழற்றி முடிப்பதைப் பார்த்து அந்த முடிவை மட்டும் நகலெடுப்பவர்கள், தொடுகைக்கு முன் ராக்கெட் எவ்வளவு கீழே இறங்கியிருந்தது என்பதைக் கவனிப்பதில்லை. டென்னிஸ் அடிகளைக் காணொளியில் ஆராயும் ஜான் யாண்டெல் அதிவேகக் காமிராவால் அளந்தபோது நடாலின் ஃபோர்ஹேண்ட் சராசரியாக நிமிடத்துக்கு 3200 சுற்று அளவில் சுழன்றது. முந்தைய தலைமுறையின் சாம்ப்ராஸ், அகாசி ஆகியோரின் பந்துகள் 1900க்கு அருகில்தான் இருந்தன. இந்த இடைவெளியில் பாலியெஸ்டர் சரங்களுக்கும் பங்கு உண்டு. அவை பந்தோடு சேர்ந்து பக்கவாட்டில் நகர்ந்து, பந்து விலகுவதற்குள் சடாரெனப் பழைய இடத்துக்குத் திரும்பிச் சுழற்சியைக் கூட்டுகின்றன. அடிக்கும்போது சரங்கள் விலகியே நின்று, ஒவ்வொரு புள்ளிக்குப் பிறகும் விரலால் நேராக்க வேண்டியிருந்தால் அந்தப் பயன் உங்களுக்குக் கிடைக்கவில்லை என்று பொருள்.

ஸ்லைஸ் பேக்ஹேண்ட்: படிப்படியாக

படி 1, பிடி. அடிக்கணு இரண்டாவது முகத்தில் அமரும் கான்டினென்டல் பிடி. இதில் ராக்கெட்டின் முகம் இயல்பாகவே சற்று மேலே திறந்து நிற்கும்.

படி 2, தோள் திருப்பம். இடக்கை ராக்கெட்டின் கழுத்தைப் பிடித்தபடி அதைப் பின்தோளுக்கு மேலே கொண்டுபோகிறது. வலத்தோள் வலையைப் பார்க்க வேண்டும். முதுகின் ஒரு பகுதி எதிராளிக்குத் தெரியுமளவுக்குத் திருப்பம் இருந்தால் நல்லது.

படி 3, பாதை. இங்கேதான் அதிகத் தவறு நடக்கிறது. ராக்கெட் மேலிருந்து கீழே வருவது உண்மை, ஆனால் அதன் பெரும்பங்கு நகர்வு முன்னோக்கியதே. நெஞ்சு உயரத்துப் பந்துக்கு இருபது பாகை அளவு இறக்கம் தாராளமாகப் போதும். முழங்கால் உயரத்துப் பந்துக்குப் பாதை இன்னும் தட்டையாக வேண்டும். முன்பு கணக்கிட்ட ஸ்லைஸ் பந்து 7 பாகை மேல்நோக்கிக் கிளம்பியதை நினைவில் கொள்ளுங்கள். ராக்கெட் கீழே போக, பந்து மேலே போகிறது. முகம் பத்துப் பாகை அளவுக்குத் திறந்திருப்பதால்தான் இது நடக்கிறது. இதை அறியாதவர் பந்து வலையில் விழுவதைக் கண்டு முகத்தை இன்னும் திறக்கிறார், பந்து மிதக்கிறது. மிதப்பதைக் கண்டு இன்னும் செங்குத்தாக வெட்டுகிறார், பந்து வலுவிழந்து சர்வீஸ் கோட்டுக்கு முன்பே விழுந்து இடுப்பளவு எழும்புகிறது. அது ஸ்லைஸ் அன்று, எதிராளிக்கு வைத்த விருந்து.

படி 4, தொடுகை. முன்காலின் நேரிலோ சற்று முன்னாலோ பந்தைச் சந்திக்க வேண்டும். ஒற்றைக் கை டாப் ஸ்பின் பேக்ஹேண்டைக் காட்டிலும் ஒரு கணம் தாமதமாக. மணிக்கட்டு உறுதியாகவும் ராக்கெட்டின் தலை கைக்கு மேலாகவும் இருக்கட்டும். உடல் எடை முன்காலுக்கு மாறியிருக்க வேண்டும், ஏனெனில் இந்த அடியில் வேகம் பெரும்பாலும் அதிலிருந்துதான் வருகிறது.

படி 5, முடிவு. வலக்கை இலக்கை நோக்கி நீள, இடக்கை பின்னோக்கி விரிகிறது. இந்த இடக்கைதான் உடல் சீக்கிரம் திரும்பாமல் பிடித்துவைக்கிறது. அது முன்னே வந்துவிட்டால் நெஞ்சு வலையைப் பார்த்துத் திறந்து, ராக்கெட் பந்துக்குக் குறுக்கே இழுபடும். பந்து பக்கவாட்டில் வளைந்து நீளம் குறையும்.

செய்தது சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பந்து கோட்டுக்குள் விழுந்தது என்பது சான்றாகாது. அடித்தவரின் கண்ணுக்குத் தன் பந்தின் எழும்பல் சரியாகத் தெரிவதும் இல்லை, ஏனெனில் அது நேராக விலகிப் போகிறது. மறுபுறம் பின்வேலியில் முழங்கால், இடுப்பு, தோள் ஆகிய மூன்று உயரங்களிலும் ஒட்டுத்தாளால் அடையாளமிட்டு, பக்கவாட்டில் ஒருவரை நிற்கவைத்து, பந்து எழும்பிய உச்சம் எந்த அடையாளத்துக்கு நேராக இருந்தது என்று சொல்லச் செய்யுங்கள். வலைக்கு மேல் தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் ஒரு கயிறும் கட்டிவிட்டால் சோதனை முழுமையாகிவிடும். டாப் ஸ்பின் கயிற்றுக்கு மேலேயும், ஸ்லைஸ் கயிற்றுக்குக் கீழேயும் போக வேண்டும். கயிற்றுக்கு மேல் போயும் சர்வீஸ் கோட்டுக்கும் பேஸ்லைனுக்கும் இடையே விழுந்தும் இடுப்பளவே எழும்பினால், அது சுழற்சி குறைந்த மெதுவான பந்து. கயிற்றுக்கு மேல் போய் பேஸ்லைனைத் தாண்டினால் பாதை ஏறுகிறது, ஆனால் முகமும் அதனோடு மேலே திரும்பிவிட்டது என்று பொருள்.

சுழற்சியையே எண்ண விரும்பினால் கைபேசி போதும். பந்தைச் சுற்றிப் பேனா மையால் ஒரு கோடு வரைந்து, நொடிக்கு 240 படங்கள் எடுக்கும் மெதுவியக்கக் காணொளியைப் பக்கவாட்டிலிருந்து, நல்ல வெயிலில் எடுங்கள். அந்தக் கோடு ஒரு முழுச் சுற்று வர எத்தனை படங்கள் ஆகின்றன என்று எண்ணி, 14,400ஐ அந்த எண்ணால் வகுத்தால் நிமிடத்துக்கான சுற்றுகள் கிடைக்கும். ஒரு சுற்றுக்குப் பத்துப் படங்கள் என்றால் 1440 சுற்று; ஐந்து படங்கள் என்றால் 2880. மாலை வெளிச்சத்தில் எடுத்தால் கோடு கரைந்து தெரியாது. ஸ்லைஸ் பந்தைத் தரையில் படுவதற்கு முன்னும் பின்னும் இப்படி எடுத்துப் பார்த்தால், பின்சுழற்சி தரையில் மறைந்துபோவதையும் நேரிலேயே காணலாம்.

காதும் ஓரளவு உதவும். டாப் ஸ்பின்னில் தட்டையான அடியின் கெட்டியான ஓசை வந்தால் சரங்கள் தேய்க்கவில்லை. ஆனால் தேய்க்கும் ஓசை மட்டுமே கேட்டு, பந்து மறுபுறம் பாதித் தூரத்தில் விழுந்தால், பாதை மேல்நோக்கி மட்டுமே போய் முன்னோக்கிய பங்கு போதாமல் போயிற்று. சுழற்சி எவ்வளவு இருந்தாலும் பந்தில் வேகம் இல்லாவிட்டால் காற்றின் விசையும் குறைந்துவிடும், தோளுயர எழும்பலும் கிடைக்காது. இளம் ஆட்டக்காரர்களிடம் சுழற்சியை மட்டும் வலியுறுத்தும் பயிற்சி இந்தக் குறையைத்தான் வளர்க்கிறது என்பது என் கருத்து. முதலில் நீளம் வரட்டும், பிறகு ஏறுகோணத்தைக் கூட்டலாம்.

தரை மாறும்போது

களிமண் தரை உராய்வும் கூடியது, கீழ்நோக்கிய வேகத்தைத் திருப்பித் தருவதும் கூடியது. செங்குத்தாக இறங்கும் பந்து அங்கே இன்னும் உயர்கிறது. நடாலின் 14 பிரெஞ்சு ஓப்பன் பட்டங்களுக்குப் பின்னால் இந்தத் தரையின் பங்கு பெரியது. அவரது இடக்கை ஃபோர்ஹேண்ட் குறுக்காகப் போய் ரோஜர் ஃபெடரரின் ஒற்றைக் கை பேக்ஹேண்டுக்குத் தோளுக்கு மேலே எழும்பியது. அந்த உயரத்தில் ஒற்றைக் கையால் பந்தின் மேல் வலுவாக வீசுவது கடினம். அதே களிமண்ணில் ஸ்லைஸ் வேகமிழந்து, எதிராளிக்கு வசதியாக எழும்பும் அபாயம் உண்டு. அங்கே ஸ்லைஸை வேகமாகவும் பேஸ்லைன் வரை நீளமாகவும் ஆட வேண்டும், அல்லது முழுவதும் எதிர்த்திசையில் போய் டிராப் ஷாட்டாக மாற்றிவிட வேண்டும்.

புல்தரையில் பந்து அதிகம் வழுக்குகிறது, உயரமும் குறைவாகத் திரும்புகிறது. ஸ்டெஃபி கிராஃப் விம்பிள்டனை 7 முறை வென்றபோது அவருடைய பேக்ஹேண்ட் பெரும்பாலும் ஸ்லைஸாகவே இருந்தது. கடினத் தரை இரண்டுக்கும் நடுவே இருக்கிறது, அங்கேயும் தட்டையாக வரும் ஸ்லைஸுக்கு மதிப்புண்டு. ஆஷ்லி பார்ட்டி 2021இல் விம்பிள்டனின் புல்லிலும் 2022இல் ஆஸ்திரேலிய ஓப்பனின் கடினத் தரையிலும் வென்றபோது, இரட்டைக் கை பேக்ஹேண்டில் பழகிய எதிராளிகளை அவருடைய ஒற்றைக் கை ஸ்லைஸ் முழங்காலுக்குக் கீழே குனிய வைத்தது. இரண்டு கைகளும் ராக்கெட்டில் இருக்கும்போது அவ்வளவு தாழ்வாக எட்டுவது எளிதன்று.

எதிரே வரும் சுழற்சிக்குப் பதில்

டாப் ஸ்பின் பந்து தரையில் பட்டபின் இன்னும் வேகமாகச் சுழல்கிறது என்று பார்த்தோம். அதை டாப் ஸ்பின்னாகவே திருப்ப வேண்டுமானால், வந்த சுழற்சியை நிறுத்தி எதிர்த்திசையில் சுழற்ற வேண்டும். ஸ்லைஸாகத் திருப்பினால் பந்து வந்த திசையிலேயே தொடர்ந்து சுழல்கிறது, வேலை பாதியாகிவிடுகிறது. உங்களைப் பேஸ்லைனுக்குப் பின்னால் தள்ளிவிட்ட கனமான டாப் ஸ்பின்னுக்கு ஸ்லைஸ் இயல்பான பதிலாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் வரும் சுழற்சி சரங்களில் பட்டுப் பந்தை மேலே ஏற்றிவிடப் பார்க்கும். ஆகவே முகத்தை வழக்கத்தைவிடச் சற்றுக் குறைவாகத் திறந்து, பந்து தோளுக்கு மேல் போவதற்குள் சந்திக்க வேண்டும்.

ஸ்லைஸ் பந்துக்குப் பதில் சொல்வது வேறு வகை. எழும்பியபின் அதில் சுழற்சி ஏறத்தாழ இல்லாததால், அதன் மேல் டாப் ஸ்பின் ஏற்றுவது சுழற்சியைப் பொறுத்தவரை எளிது, கடினமானது உயரம்தான். முழங்கால் மட்டத்தில் இருக்கும் பந்தை 91 செ.மீ. வலைக்கு மேல் தூக்கவும் வேண்டும், கோட்டுக்குள் இறக்கவும் வேண்டும். கீழே சாய்ந்த முகத்தோடு இதை ஆடினால் பந்து வலையின் நடுவில் மோதும். முகத்தைச் செங்குத்தாகவோ ஓரிரு பாகை திறந்தோ வைத்து, ஏறுகோணத்தைக் கூட்டி, வேகத்தை முழுதாக அன்றி எழுபது சதவீதத்துக்குக் குறைத்து, நேர்க்கோட்டைத் தவிர்த்துக் குறுக்கே ஆடுவது நல்லது. குறுக்கே வலை தாழ்வான நடுப்பகுதியில் கடக்கப்படுகிறது, கோர்ட்டின் நீளமும் அந்தத் திசையில் மூலைக்கு மூலை சுமார் 1.4 மீட்டர் கூடுதலாகக் கிடைக்கிறது.